மணலி ஆலை அலுவலகத்துக்கு நேரில் போகும் முன் எதை உறுதிசெய்ய வேண்டும்?

கேள்வி: "மணலியில் ஒரு ஆலையின் அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு நேரில் வரச்சொல்லி மெயில் வந்திருக்கிறது. 'அடையாளச் சான்றுடன் வரவும், வருகையை உறுதிசெய்யவும்' என்று மட்டும்தான் இருக்கிறது. வாசலில் பாதுகாப்புப் படை நிற்குமாம். பதிலில் என்ன எழுத வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும்?"

மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு எடைக்கருவி சர்வீஸுக்கு ஆள் அனுப்புவது என் வேலை. பையன்களுக்கு நுழைவு அனுமதி வாங்கித் தருவதும் என் பொறுப்புதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்களை அழைத்தவர் வேறு, உங்களை உள்ளே விடுபவர் வேறு. வாசலில் நிற்கும் காவலருக்கு அந்த மெயிலைப் பற்றி எதுவும் தெரியாது. போனில் எடுத்துக் காட்டினாலும் அவர் அதைப் பார்க்கப் போவதில்லை. பாஸ் செக்ஷனுக்கு வந்திருக்கும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அந்தப் பட்டியலில் பெயர் வர வேண்டுமானால், அழைத்தவர் உள்ளேயிருந்து விசிட்டர் ரிக்வெஸ்ட் போட வேண்டும், அவருடைய மேலதிகாரி அதற்கு ஒப்புதல் தர வேண்டும். பல இடங்களில் இதை அன்றைக்குக் காலையில்தான் செய்கிறார்கள். மேலதிகாரி மீட்டிங்கில் இருந்தால் நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே "வருகிறேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். "வாசல் பதிவு முடிந்துவிட்டதா?" என்று கேட்டு, வியாழன் மாலைக்குள் அதற்குப் பதில் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர்க்காரர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இதில்தான். உதாரணத்துக்கு ஒருவர் பெயர் ராஜேஷ்குமார், அப்பா பெயர் செல்வராஜ் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் 'ராஜேஷ்குமார் எஸ்' என்று இருக்கும். பான் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால், அங்கே 'ராஜேஷ்குமார் செல்வராஜ்' ஆகிவிடும். மெயில் கணக்கில் வெறும் 'ராஜேஷ் செல்வா'. அழைத்த அதிகாரி கையில் இருப்பது மெயில்தானே, அதில் இருக்கும் பெயரையே ரிக்வெஸ்டில் போட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை காலை இவர் உரிமத்தை நீட்டும்போது கவுண்டரில் இருப்பவர் பட்டியலையும் கார்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல யாரும் இல்லையே" என்பார். அவர் மேல் தப்பில்லை, அங்கே அவரால் திருத்த முடியாது. அதிகாரி திருத்தி, மறுபடி ஒப்புதல் வாங்கி, அது கவுண்டருக்கு வருவதற்குள் 10 மணி சந்திப்பு போய்விடும். எங்கள் பையன் ஒருவன் இப்படித்தான் சாப்பாட்டு நேரம் வரை வெளியே நின்றான். அவன் கையில் இருந்த கார்டு அசல், பெயரும் அவன் பெயர்தான்.

அதனால் எந்தக் கார்டைக் காட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதில் உள்ள ஆங்கில எழுத்துகளையே, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது வரை, அப்படியே பதிலில் எழுதுங்கள். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். வெள்ளிக்கிழமை காலை 10 மணி சந்திப்புக்கு வருகிறேன். ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடி என் பெயர்: ராஜேஷ்குமார் எஸ். அந்த அசல் உரிமத்தையே கொண்டுவருவேன். தனியாக வருகிறேன். ஒரு லேப்டாப் இருக்கும். வாசல் பதிவு முடிந்ததா, எந்த கேட்டுக்கு வர வேண்டும், ரிசப்ஷனில் எந்த எக்ஸ்டென்ஷனைக் கேட்க வேண்டும், நீங்கள் இடத்தில் இல்லாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிவியுங்கள்."

எக்ஸ்டென்ஷன் கேட்பதற்குக் காரணம் உண்டு. பெயர் பட்டியலில் இருந்தாலும், ரிசப்ஷனிலிருந்து உள்ளே போன் போட்டு "இவரை அனுப்பலாமா?" என்று கேட்ட பிறகுதான் பல இடங்களில் பாஸ் அச்சாகும். எண்ணெய், கேஸ் கையாளும் பகுதிகளுக்குள் சாதாரண மொபைல் கொண்டுபோகக் கூடாது. தீப்பொறி ஆபத்து. உங்கள் அதிகாரி அந்தப் பக்கம் போயிருந்தால் அவருடைய மொபைல் மேசையிலேயே அடித்துக்கொண்டிருக்கும். அப்போது உதவுவது லேண்ட்லைனும் அந்த இரண்டாவது ஆளின் பெயரும்தான். இன்னொன்று, மெயிலில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல், நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள பொது எண்ணுக்கும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். அங்கே அந்த அதிகாரி வேலை செய்கிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். வேலைக்கான நேர்காணல் என்று அழைத்துவிட்டு, கேட் பாஸுக்கு முன்பணம் போடுங்கள் என்று யாருடைய சொந்த ஜிபே எண்ணையாவது கொடுத்தால் அது மோசடி. கிளம்பவே வேண்டாம்.

அடையாளச் சான்றுக்கு அசல் கார்டு ஒன்று, நகல் ஒன்று போதும். டிஜிலாக்கரில் இருக்கும் உரிமம் சட்டப்படி அசலுக்குச் சமம்தான். ஆனால் சில இடங்களில் முதல் கவுண்டரிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், சான்றும் அதோடு போய்விடும். பிளாஸ்டிக் கார்டையே எடுத்துப் போங்கள். முன்கூட்டியே ஆதார் நகலை மெயிலில் கேட்டால், முதல் 8 எண்களை மறைத்த ஆதாரை யுஐடிஏஐ தளத்திலிருந்து இறக்கி அனுப்பலாம். அந்தக் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதை அடுத்துப் பிறந்த ஆண்டு. நகலில் எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதிக்கு என்று குறுக்கே எழுதிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை 9.15-க்காவது கேட்டில் இருங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் பைக்கில்கூட நகர முடியாது. மெட்ரோவில் விம்கோ நகர் வரை வந்து அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது எனக்குச் சரியாக வருகிறது. மேப் சில சமயம் லாரி போகும் சரக்கு கேட்டில் கொண்டுபோய் விடும். கேட்டின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னது அதற்காகத்தான். தீப்பெட்டி, லைட்டர் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வாசலைப் போட்டோ எடுக்காதீர்கள்.

லேப்டாப் இருந்தால் அதன் சீரியல் எண்ணைக் கேட்டிலேயே பதிவு செய்து சீட்டு வாங்குங்கள். போகும்போது பதியாத லேப்டாப், திரும்பும்போது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டிய பொருளாகிவிடும். அப்புறம், பாஸின் கீழே 'சந்தித்த அதிகாரி கையொப்பம், நேரம்' என்று ஒரு கோடு இருக்கும். பேசி முடித்து எழுந்திருக்கும்போதே அதில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் வந்தால் வெளிவாசலில் நிறுத்தி, கையெழுத்துக்காகத் திரும்ப உள்ளே அனுப்புவார்கள். அதற்குள் அவர் சாப்பிடப் போயிருப்பார்.