லீட் ஸ்கோரிங்: மார்க்கெட்டிங் எதைக் கொடுக்க வேண்டும், சேல்ஸ் எதை வாங்க வேண்டும்

கேள்வி: நாங்கள் தொழிற்சாலைகளுக்கு மட்டுமே விற்கிற கம்பெனி. மார்க்கெட்டிங் தரும் லீட் எல்லாம் குப்பை என்கிறது சேல்ஸ். கொடுத்ததைக் கூப்பிடுவதே இல்லை என்கிறது மார்க்கெட்டிங். லீட் ஸ்கோரிங் வைத்தால் தீருமா? எத்தனை மார்க் வந்தால் சேல்ஸிடம் கொடுக்கலாம்?

பதில்:

புதுச்சேரி சேதராப்பட்டில் டோசிங் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். கழிவுநீர் சுத்திகரிப்புக்கும் கொதிகலனுக்கும் ரசாயனத்தை அளந்து செலுத்துகிற பம்ப் அது. வாங்குவது கடலூர் சிப்காட்டில் உள்ள கெமிக்கல் கம்பெனிகளும், திருப்பூர் சாயப்பட்டறைகளும், பம்ப்பை வாங்கித் தங்கள் பிளான்ட்டில் பொருத்தி விற்கும் ஒப்பந்தக்காரர்களும். இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை ஸ்கோரிங் பலன் தரும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே மார்க்காகக் கூட்டினால் தராது. ஆள் யார் என்பதற்கு ஒரு மார்க், அவர் என்ன செய்தார் என்பதற்குத் தனியாக இன்னொரு மார்க். இரண்டையும் கூட்டக் கூடாது.

ஏன் என்பதற்கு ஒரே வாரத்தில் வரக்கூடிய இரண்டு விசாரணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நம் வெப்சைட்டுக்குப் பலமுறை வருகிறார், கேட்லாக் இறக்குகிறார், அனுப்பிய மெயில் எல்லாம் திறக்கிறார். மெயிலுக்கு 5, கேட்லாக்குக்கு 15, விலைப் பக்கத்துக்கு 20 என்று கூட்டும் வழக்கமான முறையில் இவர் 80, 90 என்று போய்விடுவார். கூப்பிட்டால் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் மாணவர். இன்னொன்று சிப்காட்டிலிருந்து ஒரு பர்ச்சேஸ் ஆபீசர் அனுப்பிய ஒரே வரி மெயில்: "ஹைப்போ டோசிங் பம்ப், மணிக்கு 50 லிட்டர், 2 எண்ணிக்கை, விலை அனுப்பவும்." கேட்லாக்கும் இல்லை, வெப்சைட்டும் இல்லை, ஆகவே மார்க் எதுவும் விழவில்லை. சேல்ஸ் கையில் முதலில் போவது மாணவர். இப்படி நாலு முறை நடந்தால் ஐந்தாவது லீடை எந்த சேல்ஸ்மேனும் நம்பமாட்டார், அவர் நம்பாததில் தப்பும் இல்லை. மெயில் திறந்ததற்கு மார்க் தருவதையே இப்போது விட்டுவிடலாம். 2021-இல் ஆப்பிள் தன் மெயிலில் கொண்டுவந்த பிரைவசி வசதி, ஆள் படிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. நம் கணக்கில் அது 'திறந்தார்' என்று விழும்.

ஆள் யார் என்பதற்கு ஏ, பி, சி போடுங்கள். செய்ததற்கு 1, 2, 3. ஏ1 என்றால் அன்றே சேல்ஸுக்கு. சி1 என்றால், அந்த மாணவர் மாதிரி, கேட்லாக்கை மெயிலில் அனுப்பி மரியாதையாக முடித்துவிடலாம். ஏ3 என்றால் நல்ல கம்பெனி, இன்னும் தேவை வரவில்லை. மார்க்கெட்டிங்கே தொடர்பில் இருக்க வேண்டும்.

இந்த ஏ, பி, சி போடுவதில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் மார்க்கைக் குறை என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே புதுச்சேரியில் தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிற யூனிட் ஓனர் ஜிமெயிலில்தான் எழுதுவார். அதற்குப் பதிலாக விசாரணைப் படிவத்தில் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள், கட்டாயம் என்று வைக்க வேண்டாம். கொடுத்தால் அந்த 15 எழுத்திலேயே நிறைய தெரிந்துவிடும். முதல் இரண்டு எண் மாநிலம்: 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி. அடுத்த பத்தும் பான் எண். மொத்தத்தில் ஆறாவது எழுத்து C என்றால் கம்பெனி, F என்றால் பார்ட்னர்ஷிப், P என்றால் தனிநபர் பெயரில் நடக்கும் தொழில். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் தொழிலின் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் வந்துவிடும். ஜிமெயிலில் எழுதினாலும் இது சரியாக இருந்தால் அவர் ஏ அல்லது பி.

சரி, எதற்கு எவ்வளவு மார்க்? அதை மீட்டிங்கில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். பழைய விசாரணைப் பட்டியலே சொல்லும். கணக்கு புரிவதற்காக ரவுண்டாக ஒரு எண்: ஒரு வருஷத்தில் 400 விசாரணை வந்து 20 ஆர்டர் ஆனது என்று வையுங்கள். நூற்றுக்கு 5. அந்த 400-இல், எந்தத் திரவம், மணிக்கு எத்தனை லிட்டர் என்று தாங்களாகவே எழுதியவர்கள் 60 பேர், அவர்களில் 12 பேர் வாங்கினார்கள் என்றால் நூற்றுக்கு 20, அதாவது சராசரியைப் போல நாலு மடங்கு. அதற்கு உயர்ந்த மார்க். கேட்லாக் இறக்கியவர்கள் 150 பேர், வாங்கியவர்கள் 6 என்றால் நூற்றுக்கு 4. சராசரிக்கும் கீழே. அதற்கு மார்க்கே கிடையாது, எவ்வளவு ஆசையாக அந்தக் கேட்லாக்கைச் செய்திருந்தாலும்.

இதில் கவனிக்க வேண்டியது, விசாரணை வந்த அன்று நமக்குத் தெரிந்ததை மட்டும் எண்ண வேண்டும். நம் ரெஜிஸ்டரில் ஆர்டர் ஆனவர்களுக்கு எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும், ஏனென்றால் சேல்ஸ் பேசிப் பேசி நிரப்பியது அது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் லிட்டர் சொன்னவர்கள் எல்லாரும் வாங்கினார்கள் என்று பொய்யாகத் தெரியும். முதல் மெயிலைத் திறந்து பார்த்துத்தான் எண்ண வேண்டும். அப்புறம், பம்ப் ஆர்டர் முடிய சில மாதம் ஆகும் என்பதால், கடைசி மூன்று, நாலு மாத விசாரணைகளை விட்டுவிடுங்கள். இரண்டே ஆர்டர் உள்ள ஒரு பிரிவை வைத்து மார்க் போடாதீர்கள், அது தற்செயலாக இருக்கலாம். இருபது ஆர்டர் உள்ள கம்பெனிக்கு ஐந்தாறு அடையாளத்துக்கு மேல் தாங்காது.

எத்தனை மார்க்குக்குக் கைமாற்றுவது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கோட்டைத் தீர்மானிப்பது சேல்ஸ்காரர்களின் நேரம். வாரம் 30 விசாரணை வருகிற வேறொரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். சேல்ஸில் மூன்று பேர் இருக்கிறார்கள், பழைய வாடிக்கையாளர் வேலை போக ஆளுக்கு வாரம் நாலு புது ஆட்களை ஒழுங்காகப் பார்க்க முடியும் என்றால் வாரத்துக்கு 12. கடந்த இரண்டு மாத விசாரணையைத் தர வரிசையில் அடுக்கி, வாரம் சுமார் 12 விழுகிற இடத்தில் கோட்டைப் போடுங்கள். 30-ஐயும் கொடுத்தால் அவர்கள் தங்களுக்குப் பிடித்த 12-ஐத்தான் எடுப்பார்கள். மீதி 18 பேருக்கு யாரும் பேசவில்லை என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

இனி கைமாற்றம். பெரும்பாலான சண்டை பிறப்பது இங்கேதான். அந்த சிப்காட் மெயிலையே பார்ப்போம். நிறுவனம் ஏ, திரவமும் லிட்டரும் சொல்லிவிட்டார், ஆகவே 1. இதை அப்படியே ஃபார்வர்டு செய்துவிட்டு 'லீட் கொடுத்தாச்சு' என்று மார்க்கெட்டிங் கணக்கு எழுதக் கூடாது. ஐந்து நிமிஷம் போன் செய்து நாலு விஷயம் கேட்க வேண்டும். எத்தனை கிலோ பிரஷருக்கு எதிராகத் தள்ள வேண்டும்? இப்போது ஓடுகிற பம்ப்புக்கு மாற்றா, புது லைனா? எப்போதைக்குள் வேண்டும்? பம்ப்பைத் தேர்வு செய்வது பர்ச்சேஸா, இ.டி.பி. என்கிற கழிவுநீர் பிளான்ட்டைப் பார்க்கும் இன்ஜினியரா? இதில் இரண்டாவது கேள்விதான் தங்கம். "ரெண்டுல ஒண்ணு நின்னுடுச்சு சார், இன்னொண்ணுல ஓட்டிட்டிருக்கோம்" என்று பதில் வந்தால் அது இந்த வாரமே பேச வேண்டிய ஆள். "அடுத்த வருஷ எக்ஸ்பான்ஷனுக்கு பட்ஜெட் போடணும்" என்றால் அது மார்க்கெட்டிங்கிலேயே இருக்க வேண்டிய ஆள். மெயில் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இந்த நாலு பதிலையும் நாலு வரியில் எழுதி சேல்ஸிடம் கொடுங்கள். ஒரு பெயருக்குக் கொடுங்கள், குரூப்பில் போடாதீர்கள். குரூப்பில் போட்ட லீடை எல்லாரும் இன்னொருவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். வாங்கியவர் அரை வேலை நாளுக்குள் கூப்பிட வேண்டும், இரண்டு வேலை நாளுக்குள் 'ஏற்றுக்கொண்டேன்' அல்லது 'திருப்புகிறேன்' என்று பதிய வேண்டும். இந்தியாமார்ட் மாதிரி தளத்திலிருந்து வந்தது என்றால் அரை நாள்கூட அதிகம், ஏனென்றால் அதே விசாரணை வேறு சில விற்பனையாளர்களிடமும் போயிருக்கலாம். அங்கே ஒரு மணி நேரத்துக்குள் பேசிவிட வேண்டும்.

திருப்பும்போது காரணம் எழுத வேண்டும், அதுவும் ஐந்துக்குள்: நம் பொருள் பொருந்தாது, இப்போது வாங்கவில்லை, ஒப்பீட்டுக்குக் கொட்டேஷன் மட்டும் கேட்கிறார்கள், போனில் கிடைக்கவில்லை, நாம் சப்ளை செய்யாத ஊர். 'மற்றவை' என்று ஆறாவது வைக்காதீர்கள், எல்லாம் அதில்தான் விழும். 'இப்போது வாங்கவில்லை' என்றால் எப்போது என்ற மாதத்தையும் எழுதச் சொல்லுங்கள். அந்த மாதம் வந்ததும் மார்க்கெட்டிங் கூப்பிடும். இந்த ஒரு கட்டத்திலிருந்து கிடைக்கும் ஆர்டர்களை நான் மற்ற எதையும்விட மதிக்கிறேன், ஏனென்றால் அதற்குப் புதிதாக விளம்பரச் செலவே இல்லை.

எங்கே கெடுகிறது என்பதை எண்களே காட்டிக்கொடுக்கும். 'கிடைக்கவில்லை' என்பது மாதக் கடைசி வாரத்தில் மட்டும் குவிந்தால், டார்கெட் ஓட்டத்தில் யாரும் கூப்பிடவில்லை என்று அர்த்தம். கைமாறும் எண்ணிக்கை ஏறி, சேல்ஸ் ஏற்றுக்கொள்ளும் விகிதம் இறங்கினால், மார்க்கெட்டிங் தன் டார்கெட்டுக்காகக் கோட்டைச் சத்தமில்லாமல் இறக்கியிருக்கிறது. அதனால் மார்க்கெட்டிங்கின் டார்கெட்டை 'எத்தனை கொடுத்தோம்' என்று வைக்காமல் 'எத்தனை ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வையுங்கள். ஏற்றுக்கொண்டதற்கெல்லாம் கொட்டேஷன் போய், ஆர்டர் மட்டும் வரவில்லை என்றால் குறை ஸ்கோரில் இல்லை. விலையிலோ டெலிவரியிலோ தேடுங்கள்.

இன்னொரு வேலையையும் மாதாமாதம் செய்யுங்கள். கோட்டுக்குக் கீழே விழுந்த விசாரணைகளில் நாலைந்தைக் குலுக்கி எடுத்து, ஸ்கோரைச் சொல்லாமல் சேல்ஸிடம் கொடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளவர்களை மட்டுமே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் மட்டும்தான் வாங்குவார்கள், அதைப் பார்த்து ஸ்கோர் சரி என்று நாமும் நம்பிவிடுவோம். இந்த நாலைந்தில் அடிக்கடி ஆர்டர் வந்தால் எந்த அடையாளத்தைத் தவறவிட்டோம் என்று அவர்களின் முதல் மெயிலைத் திறந்து பாருங்கள். இதற்கெல்லாம் ஆரம்பத்தில் பெரிய சிஆர்எம் மென்பொருள் வேண்டாம். சேல்ஸும் மார்க்கெட்டிங்கும் சேர்ந்து திறக்கிற ஒரு கூகுள் ஷீட்டும், திங்கட்கிழமை காலை இரண்டு பக்கமும் உட்கார்ந்து திரும்பி வந்ததை மட்டும் பேசுகிற அரை மணி நேரமும் போதும்.