தலைகீழ் முக்கோணம்: நிற்கணுமா, வழிவிடணுமா?

“அண்ணா, சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சை மாதிரித்தாளைப் படம் எடுத்துப் போட்டிருக்கேன். தலைகீழ் முக்கோணத்துக்கு ‘நிறுத்து’ன்னு எழுதினேன், பிழையாம். அடுத்த சந்திக் கேள்வியும் பிழை. ஏன்?”

தம்பி, உங்கள் தாள் கறுப்பு வெள்ளை நகல். நிறம் தெரியாது, வடிவத்தைப் பாருங்கள். எட்டு மூலை இருந்தால்தான் ‘நிறுத்து’: பாதை வெறிச்சோடிக் கிடந்தாலும் கோட்டருகே சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். தலைகீழ் முக்கோணம் ‘வழிவிடு’: வேகத்தைக் குறைத்துப் பார்த்து, வாகனம் வந்தால் மட்டும் நில்லுங்கள்.

சரி, சந்திக் கேள்வி. தோட்டப் பாதையில் நீங்கள், உங்கள் முன்னால் அந்த முக்கோணம். பிரதான வீதியில் வலப்பக்கம் வேன், இடப்பக்கம் பஸ். வேனை மட்டும் விட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘வலப்பக்கத்துக்கு முதலிடம்’ சுற்றுவட்டத்தில் பொருந்தும், அங்கே சுற்றி வருபவை வலப்பக்கமிருந்துதான் வரும். இங்கே இரண்டும் போனபிறகே நீங்கள்.