சிஸ்டீன் கல்: எவ்வளவு தண்ணீர், எந்த நேரத்தில்?

"மகனுக்கு 17 வயது. இரண்டாம் முறையும் கல் எடுத்தாயிற்று. சிஸ்டீன் கல்லாம். 24 மணிநேரச் சிறுநீரில் 900 மில்லிகிராம் சிஸ்டீன் போகிறதாம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, பொட்டாசியம் சிட்ரேட்டும் தந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் யாருக்கும் கல் இல்லை. நிறைய என்றால் எவ்வளவு?" - ஒரு தாய், திருகோணமலை

குடும்பத்தில் யாருக்கும் கல் இல்லாமல் இருப்பது வழமைதான். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டும் சேர்ந்தால்தான் பெரும்பாலும் நோய் வரும். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தம்பி தங்கை இருந்தால், வலி வரும்வரை காத்திருக்காமல் சிறுநீரைச் சோதித்துவிடுங்கள்.

சிஸ்டீன் என்பது புரதத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம். மகனின் சிறுநீரகத்தால் அதைத் திரும்ப இரத்தத்துக்குள் இழுக்க முடியவில்லை. சாதாரணச் சிறுநீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம்தான் கரையும். 900ஐக் கரைக்க 3.6 லீற்றர் சிறுநீர் வேண்டும். தினமும் இது பெரும்பாடு. சிறுநீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.5க்கு ஏறினால் கரையும் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். அப்போது 3 லீற்றர் போனால் லீற்றருக்கு 300தான், கையிருப்பும் மிஞ்சும். சிட்ரேட் தருவது இதற்காகத்தான்.

கவனியுங்கள், 3 லீற்றர் என்பது குடிப்பதல்ல, வெளியே போவது. நம்மூர் வெயிலில் வியர்வையே நிறையக் கொண்டுபோய்விடும். பந்து விளையாடிவிட்டு வருகிற பிள்ளைக்கு 4 லீற்றர் குடித்தும் போதாமல் போகலாம். ஒரு விடுமுறை நாளில் அளவுச் சாடியில் பிடித்துப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது இரவில். பகலெல்லாம் குடித்துவிட்டு எட்டு மணிநேரம் தூங்கினால் சிறுநீர் கெட்டியாகி, அந்த நேரத்தில்தான் பளிங்கு படியும். படுக்குமுன் இரண்டு கோப்பை, இடையில் எழுந்து போய்வந்து இன்னும் ஒரு கோப்பை. தூக்கம் கெடும்தான், வேறு வழியில்லை.

பாமசியில் பி.எச். தாள் வாங்கி, காலை முதல் சிறுநீரையும் மாலைச் சிறுநீரையும் பாருங்கள். மாலையில் 7.5 காட்டி காலையில் 6 காட்டினால், இரவு வேளை மருந்து போதவில்லை என்று அர்த்தம். வைத்தியரிடம் கேட்டு மாற்றுங்கள். நீங்களாகக் கூட்ட வேண்டாம். பி.எச். 8ஐ எட்டினால் கல்சியம் பொஸ்பேற் கல் உண்டாகலாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இரத்தத்தில் பொட்டாசியமும் ஏறும், அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்.

அப்புறம், உப்பு. உப்புக் கூடினால் சிஸ்டீனும் கூடப் போகும். கருவாடு தினமும் வேண்டாம், தேசிக்காய்த் தண்ணீரில் உப்புப் போடாதீர்கள். சிட்ரேட்டுக்குப் பதில் சோடா மாவு கலக்கிக் கொடுப்பதும் சரியல்ல, அதிலும் சோடியம்தான்.

இவ்வளவும் செய்தும் நுணுக்குக்காட்டியில் அறுகோணப் பளிங்கு தெரிந்தால் தயோப்ரோனின் போன்ற மருந்து பற்றிக் கேளுங்கள். விலாவலியோடு காய்ச்சல் வந்தால் மட்டும் தண்ணீரை நம்பி இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.