பாட்டிலில் 700 மில்லி – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன். ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் இரண்டாம் ஆண்டு மாணவிகள் எட்டுப் பேர் என் பொறுப்பில் இருக்கிறார்கள். எம்.எஸ்சி. படிக்கும்போது, வயதுவந்தவர் தன் கற்றலைத் தானே வழிநடத்துவார் என்னும் மால்கம் நோல்ஸின் வயதுவந்தோர் கற்றல் கோட்பாட்டை விழுந்து விழுந்து படித்தேன். அதன்படி நடக்க வேண்டும் என்ற ஆசையில், போன வாரம், நெஞ்சுக்கூட்டில் சேர்ந்த ரத்தத்தையும் காற்றையும் பாட்டிலுக்குள் வடிக்கும் குழாயான ஐ.சி.டி. போட்டிருந்த நோயாளியின் கட்டிலருகே நின்று, "இன்று எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நானே இருபது நிமிடம் பாடம் நடத்திவிட்டு வந்தேன். பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு இந்தக் கோட்பாடு பொருந்தாதா? பொருந்தும் என்றால், கட்டிலருகே நடத்தும் வகுப்பை எப்படித் திட்டமிடுவது?

ஒரு கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

பொருந்தும். ஆனால் நோல்ஸைப் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 1970இல் வெளிவந்த அவருடைய நூலின் துணைத்தலைப்பு, வயதுவந்தோருக்குக் கற்பிப்பதையும் குழந்தைகளுக்குக் கற்பிப்பதையும் எதிரெதிராக நிறுத்தியது. 1980 பதிப்பில் அந்த 'எதிராக' போய்விட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்வது என்று அவரே மாற்றிக்கொண்டார். ஒரே ஆள் ஒரு விஷயத்தில் தானே வழி தேடுபவராகவும், இன்னொன்றில் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியவராகவும் இருக்கலாம் என்பது அந்த மாற்றத்தின் பொருள். உங்கள் மாணவிகளுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பதில் தயக்கம் இருக்காது. ஐ.சி.டி. பாட்டிலை அவர்கள் முதல் முறையாகப் பார்க்கிறார்கள். தனக்கு எது தெரியவில்லை என்பதே தெரியாதவரிடம் எது வேண்டும் என்று கேட்டால் மௌனம்தான் வரும். ஜெரால்ட் க்ரோ 1991இல் இதைத் தெளிவாக எழுதினார்: ஆசிரியரைச் சார்ந்து நிற்கும் நிலையில் இருப்பவரிடம் முழுச் சுதந்திரத்தைக் கொடுத்தால், தான் தயாராகாத சுதந்திரத்தைத் தன் மேல் திணிக்கிறார் என்று ஆசிரியர் மேல் அவருக்குக் கசப்புதான் வரும்.

அப்படியானால் எதைக் கேட்பது? ஒரு வேலையைக் கொடுத்துக் கேளுங்கள். "மதியம் ஒன்றரை மணிக்கு அடுத்த ஷிப்ட் சிஸ்டரிடம் இந்த நோயாளியை நீ ஒப்படைக்கப் போகிறாய். பாட்டிலைப் பற்றி என்ன சொல்வாய்?" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். தனக்கு எது தெரியவில்லை என்பது அந்த நொடியில் அவளுக்கே தெரியும். ஏன் கற்க வேண்டும் என்பது வயதுவந்தவருக்கு முதலில் தெரிய வேண்டும், பாடத் தலைப்பாக வருவதைவிடத் தீர்க்க வேண்டிய சிக்கலாக வந்தால் அவர் கற்பார் என்று நோல்ஸ் சொன்ன இரண்டும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன.

இனி உங்கள் நோயாளியையே எடுத்துக்கொள்வோம். இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்து, நெஞ்சுக்கூட்டில் ரத்தம் சேர்ந்து, குழாய் போட்டு மூன்றாம் நாள் என்று வைத்துக்கொள்கிறேன். நம் அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக இருக்கும் ஒற்றைப் பாட்டில்தான். வகுப்புக்கு நாற்பது நிமிடம் போதும். அதில் கட்டிலருகே பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். வலியோடு படுத்திருப்பவரைச் சுற்றி அதற்கு மேல் நிற்பது நியாயமில்லை.

முதல் பத்து நிமிடம் நோயாளியின் காதுக்கு எட்டாத இடத்தில் நடக்கட்டும். அங்கே பாட்டிலைப் பற்றி எதையும் விளக்காதீர்கள். "இதுவரை நீங்கள் கையாண்ட எந்தப் பை, எந்தப் பாட்டில் இதைப் போல இருக்கிறது?" என்று கேளுங்கள். மூத்திரப் பை என்பார்கள், குளுக்கோஸ் பாட்டில் என்பார்கள். வயதுவந்தவரின் அனுபவம் ஒரு வளம் என்கிறது கோட்பாடு. வளம்தான், ஆனால் அதே அனுபவம் தடுக்கியும் விடும். மூத்திரப் பையை உடம்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும் என்ற பழக்கம் இங்கே அப்படியே உதவும். அந்தப் பையில் பார்க்கும் அளவை அப்படியே சார்ட்டில் எழுதும் பழக்கம் இங்கே ஆபத்து.

நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு வார்டில், என் மாணவி ஒருத்தி காலை சார்ட்டில் '700 மில்லி' என்று எழுதியிருந்தாள். கையெழுத்து அத்தனை அழகு. பாட்டிலில் 700 இருந்தது உண்மை. அதில் 500 மில்லி, வெளிக்காற்று நெஞ்சுக்குள் போகாதபடி குழாயின் முனை மூழ்குவதற்காக முதல் நாள் ஊற்றிய நீர். வடிந்தது 200தான். அந்த எண்ணைப் பார்த்துப் பதறி ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் எல்லோர் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டார். பாட்டிலின் மேல் பிளாஸ்டர் ஒட்டித் தொடக்க அளவைக் குறித்து வைக்க வேண்டும் என்பதை நான் முந்தின வாரம் வகுப்பறையில் சொல்லியிருந்தேன். அவள் நோட்டிலும் அது இருந்தது. மூத்திரப் பையில் ஊறிய கை, நோட்டில் எழுதியதை மீறிவிட்டது. அன்றிலிருந்து பழைய அனுபவத்தை முதலில் வெளியே எடுக்காமல் நான் புதியது எதையும் தொடங்கியதில்லை.

இப்போது கட்டிலுக்குப் போகலாம். எட்டுப் பேரையும் அழைத்துப் போகாதீர்கள். நான்கு பேர் போதும். மற்ற நால்வர் தங்கள் நோயாளிகளைப் பார்க்கட்டும், நாளை அவர்கள் முறை. முன்னதாகவே நோயாளியிடம் சென்று, "ஐயா, நான்கு பிள்ளைகள் வந்து உங்கள் குழாயைப் பார்ப்பார்கள், உங்களிடம் பேசுவார்கள், சம்மதமா? வேண்டாமென்றால் விட்டுவிடுகிறோம்" என்று கேட்டுவிடுங்கள். நால்வருக்கும் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுங்கள். ஒருத்தி நோயாளியின் முகத்தையும் மூச்சையும் மட்டும் பார்ப்பாள். அடுத்தவள் நெஞ்சில் போட்ட டிரெஸ்ஸிங்கிலிருந்து பாட்டில் மூடி வரை குழாயை விரலால் தொட்டுக்கொண்டே வருவாள். மூன்றாமவள் பாட்டிலுக்கு நேராகக் குனிந்து, குழாய் முனை நீருக்குள் சுமார் 2 செ.மீ. மூழ்கியிருக்கிறதா, குழாய்க்குள் நீர்மட்டம் மூச்சோடு சேர்ந்து ஆடுகிறதா, குமிழி வருகிறதா என்று பார்ப்பாள். நான்காமவள் நோயாளியிடம் பேசுவாள். எந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கிறது, எக்ஸ்ரேக்கு அழைத்துப் போனபோது பாட்டிலை எங்கே வைத்தார்கள் என்று கேட்பாள். ஸ்ட்ரெச்சரில் நெஞ்சுக்குச் சமமாகத் தூக்கி வைத்தார்கள் என்ற செய்தி கேஸ் ஷீட்டில் கிடைக்காது, அவர் வாயிலிருந்துதான் வரும். பாட்டில் நெஞ்சுக்கு மேலே போனால் நீர் திரும்பி உள்ளே போகும் என்பது அந்தப் பதிலைக் கேட்ட மாணவிக்குப் பிறகு மறக்காது.

அங்கே நீங்கள் பேச வேண்டியது மிகக் குறைவு. ஒரு மாணவி தவறாகச் சொன்னால் நோயாளி முன்னால் திருத்தாதீர்கள், வெளியே வந்து பேசலாம். தவறாகச் செய்யப்போனால் மட்டும் உடனே கையைப் பிடித்து நிறுத்துங்கள். குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயில் கிளாம்ப் போடப் போவது அப்படிப்பட்டது. வெளியேற வேண்டிய காற்று உள்ளேயே சேர்ந்து நுரையீரலையும் இதயத்தையும் அழுத்திவிடும். அங்கே சுயமாகக் கற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மீதமிருக்கும் நேரத்தைத்தான் நம்மில் பலர் தவறவிடுகிறோம். கட்டிலை விட்டு வந்ததும் நாமே தொகுத்துச் சொல்லிவிடுகிறோம். அனுபவத்திலிருந்து கற்பதைப் பற்றி டேவிட் கோல்ப் 1984இல் சொன்ன சுழற்சியை நினைத்துக்கொள்ளுங்கள்: செய்த அனுபவம், அதைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு விதியைக் காண்பது, விதியைச் செய்து பார்ப்பது. நடு இரண்டையும் மாணவியே செய்ய வேண்டும். அதற்கு நேஹரும் அவருடைய சகாக்களும் 1992இல் மருத்துவக் கல்விக்காக வகுத்த முறை கைகொடுக்கும். முதலில் ஒரு முடிவைச் சொல்ல வைப்பது, பிறகு ஆதாரம் கேட்பது என்று அது தொடங்குகிறது. பேச்சு இப்படிப் போகும்:

"குழாயில் நீர் ஆடவில்லை மேடம்."

"அதனால் என்ன நினைக்கிறாய்?"

"நுரையீரல் விரிந்துவிட்டது."

"எதை வைத்துச் சொல்கிறாய்?"

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது."

இங்கே "தவறு" என்று சொல்லிவிடாதீர்கள். புத்தகத்தில் இருப்பது உண்மைதான். குழாயைத் தொட்டுக்கொண்டு வந்தவளிடம் திரும்பி, "நீ என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். அவர் குழாயின் மேலேயே படுத்திருந்தார், முதுகுக்கடியில் அது மடங்கியிருந்தது என்று அவள் சொல்வாள். நோயாளியைக் கவனித்தவளிடம் கேளுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 28 என்பாள். விரிந்த நுரையீரலோடு நிம்மதியாக இருப்பவர் அப்படி மூச்சு விட மாட்டார். நீர் ஆடாமல் நின்றால் நுரையீரல் விரிந்திருக்கலாம், குழாய் மடங்கியிருக்கலாம், ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம், எது என்று நோயாளியும் குழாயும்தான் சொல்வார்கள் என்ற விதி அவர்கள் வாயிலிருந்தே வரும். அதன் பிறகு, சரியாகச் செய்தது எது என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், விட்டதைச் சொல்லுங்கள். நால்வரும் திரும்பிப்போய் அவரைப் புரண்டு படுக்கச் சொல்லி, குழாயை நேராக்கி, நீர் மீண்டும் ஆடுவதைப் பார்க்கட்டும். ஆடாவிட்டால் சார்ஜ் சிஸ்டருக்கும் மருத்துவருக்கும் உடனே சொல்ல வேண்டும், அதையும் மாணவியே சொல்லட்டும்.

ஒன்று மட்டும் கட்டிலருகே புரியாது. வடிந்த ரத்தத்தால் பாட்டிலில் நீர்மட்டம் உயர உயர, குழாய் முனை ஆழத்தில் போய்விடும், காற்றை வெளியே தள்ள நோயாளி கூடுதலாகச் சிரமப்படுவார். இதற்கு உணவு இடைவேளையில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு ஸ்ட்ராவும் கொடுங்கள். ஸ்ட்ராவை 2 செ.மீ. ஆழத்தில் வைத்து ஊதட்டும், பிறகு அடிவரை விட்டு ஊதட்டும். கன்னம் உப்புவதை அவர்களே உணர்வார்கள். பாட்டிலை ஏன் சரியான நேரத்தில் மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

வகுப்பு பலித்ததா என்று அறிய, "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒன்றரை மணிக்கு ஒப்படைப்பு நடக்கும்போது இரண்டடி தள்ளி நின்று கேளுங்கள். "பாட்டிலில் மொத்தம் 700, தொடக்க நீர் 500, வடிந்தது 200, நீர் ஆடுகிறது, குமிழி இல்லை, மூச்சு 20" என்று அவள் சொல்கிறாளா, அல்லது "ஐ.சி.டி. நன்றாக இருக்கிறது சிஸ்டர்" என்று சொல்கிறாளா? இரண்டாவதென்றால் அவளை நாளைக்கும் அதே நோயாளியிடம், இன்னும் கொஞ்சம் உங்கள் கைப்பிடியோடு விடுங்கள். முதலாவதென்றால் அடுத்த ஐ.சி.டி. நோயாளி வரும்போது, எதைப் பார்க்கப் போகிறாய் என்று அவளிடமே கேளுங்கள். போன வாரம் நீங்கள் எதிர்பார்த்த பதில் அப்போது வரும்.

அன்புடன்.