சி.ஏ.வா, எலக்ட்ரீசியனா: வாழ்நாள் கணக்கு

“டர்பனில் இருக்கிறோம். மகன் சி.ஏ. படிக்கட்டுமா, எலக்ட்ரீசியன் ஆகட்டுமா? கடைசியில் எதில் காசு அதிகம்?”

சி.ஏ.வில்தான், ஒழுங்காக முடித்தால். ஆனால் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். அண்ணே, ஒரு தாளில் 18 வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு வரியாக வரவு செலவை எழுதுங்கள்.

இங்கே சி.ஏ.வுக்குப் பல்கலைக்கழகம் 4 வருஷம், அப்புறம் நிறுவனத்தில் பயிற்சி 3 வருஷம். உதாரணத்துக்கு, வரி போக: படிப்புச் செலவு வருஷம் 1 லட்சம் ரேண்ட், பயிற்சியில் வரவு வருஷம் 2 லட்சம், பிறகு வருஷம் 6 லட்சம். எலக்ட்ரீசியனுக்குப் பயிற்சி 3 வருஷம், 60,000 வீதம்; தேர்வு முடிந்ததும் 2.4 லட்சம்.

25 வயதில் எலக்ட்ரீசியன் கையில் 11.4 லட்சம், சி.ஏ. கையில் 2 லட்சம். இந்த 9.4 லட்சத்தை, வருஷம் 3.6 லட்சம் கூடுதலாகச் சம்பாதித்து அடைக்க 28 வயதாகிவிடும்.

பலர் விடுவது நான்காம் வருஷத் தோல்வியை. ஒரு வருஷம் திரும்பப் படித்தால் செலவு 1 லட்சம் மட்டுமல்ல. பயிற்சியும் சம்பளமும் தள்ளிப்போகும். இடைவெளி 12.8 லட்சமாகி, எட்டிப்பிடிக்க 29 தாண்டிவிடும். கடன் வாங்கிப் படித்தால் வட்டியையும் அந்தந்த வருஷத்துக் கணக்கிலேயே கழியுங்கள். முடிக்காமலே நின்றால் என்ன சம்பளம் என்று இன்னொரு தாளும் போடுங்கள்.