கிளையன்ட் பெயர் சொல்லாத இன்டர்வியூ

"மண்டபம் ஊர்ல இருந்தே ஆன்லைன் இன்டர்வியூ கொடுத்து மூணு வாரம் ஆச்சு. கன்சல்டன்சிக்காரங்க, வேலை தர்ற கிளையன்ட் கம்பெனி பேரும் சொல்லல, ரிசல்ட்டும் சொல்லல. என்ன செய்ய?"

தம்பி, "அப்டேட் இருக்கா"ன்னு கேட்டா "வெயிட்டிங்"னுதான் பதில் வரும். பழைய மெயிலுக்கே ரிப்ளை போட்டு, வேலையோட பேர், இன்டர்வியூ தேதி எழுதி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: என் ரெஸ்யூம் கிளையன்டுக்குப் போயிருச்சா, என்னைக்கு? முதல் இன்டர்வியூ பல நேரம் கன்சல்டன்சியோட சொந்த வடிகட்டல்தான். கிளையன்ட் உங்களைப் பார்த்தே இருக்க மாட்டாங்க.

கீழக்கரையில இருந்தப்ப நான் இதைக் கேட்காம விட்டேன். இன்னொரு கன்சல்டன்சிக்கும் சரின்னேன். ரெண்டு பேரும் ஒரே கம்பெனிக்கு என் ரெஸ்யூமை அனுப்பி வச்சிருக்காங்க, கம்பெனியில டூப்ளிகேட்னு கழிச்சுட்டாங்க. கொடுமை!

இன்னும் அனுப்பலைன்னா, "கிளையன்ட் பேரைச் சொல்லி என் சம்மதம் வாங்காம அனுப்பாதீங்க"ன்னு மெயில்லயே எழுதிருங்க. ஒரு வாரத்துல பதில் இல்லைன்னா ஒரே ஒரு போன். அதுக்கப்புறம் வேற இடம் பாருங்க.