ஒரே சராசரி, இரண்டு வகுப்பு: திட்ட விலக்கம் எதற்கு?

கேள்வி: அ பிரிவுக்கும் ஆ பிரிவுக்கும் கணக்கில் சராசரி 60 தான். அப்புறம் எதற்குத் திட்ட விலக்கம் வேறு கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்? சூத்திரம் தெரியும், அர்த்தம்தான் பிடிபடவில்லை.

மதிப்பெண்களைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். பிரிவுக்கு ஐந்து பேர் மட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

அ பிரிவு: 56, 58, 60, 62, 64
ஆ பிரிவு: 20, 35, 60, 90, 95

இரண்டிலும் கூட்டுத்தொகை 300, சராசரி 60. நான் டியூஷன் எடுப்பவன். 60 மதிப்பெண் பிள்ளையை மனதில் வைத்துப் பாடம் நடத்தினால் அ பிரிவில் ஐந்து பேரும் கூடவே வருவார்கள். ஆ பிரிவிலோ இரண்டு பேருக்கு ஒன்றும் புரியாது, இரண்டு பேர் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார்கள். அந்த வகுப்பில் 60 என்ற எண் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் பொருந்துகிறது. மதிப்பெண்கள் சராசரியை விட்டு எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதைத்தான் திட்ட விலக்கம் சொல்கிறது.

தூரம் என்றால் ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் 60-ஐக் கழிக்க வேண்டியதுதானே? அ பிரிவில் −4, −2, 0, 2, 4 வரும். கூட்டினால் சைபர். ஆ பிரிவில் −40, −25, 0, 30, 35. இதுவும் சைபர். எந்த வகுப்பை எடுத்தாலும் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சரிக்குச் சரி கழிந்துபோகிற இடம்தான் சராசரி. அதனால் குறியைப் போக்க ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்துகிறோம்.

அ: 16 + 4 + 0 + 4 + 16 = 40. ஐந்தால் வகுத்தால் 8, வர்க்கமூலம் 2.83.
ஆ: 1600 + 625 + 0 + 900 + 1225 = 4350. ஐந்தால் வகுத்தால் 870, வர்க்கமூலம் 29.5.

870 என்பது மதிப்பெண்ணின் வர்க்கத்தில் இருக்கிறது, அதை வைத்து யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது. வர்க்கமூலம் எடுத்ததும் மறுபடி மதிப்பெண்ணுக்கே வந்துவிடுகிறோம். அ பிரிவுப் பிள்ளைகள் 60-ஐ விட்டு ஏறக்குறைய 3 மதிப்பெண் தள்ளி நிற்கிறார்கள், ஆ பிரிவில் ஏறக்குறைய 30.

குறியை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டி, ஐந்தால் வகுத்தால் போதாதா என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம், அதற்குச் சராசரி விலக்கம் என்று பெயர். ஆ பிரிவுக்கு 26 வரும். ஆனால் வர்க்கப்படுத்தும்போது பெரிய இடைவெளிக்குக் கூடுதல் கனம் கிடைக்கிறது. 20 எடுத்த பிள்ளையின் 1600 மட்டுமே 4350-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

கால்குலேட்டரில் 2.83-க்குப் பதில் 3.16 வந்தால் பதற வேண்டாம். அது 40-ஐ ஐந்தால் வகுக்காமல் நான்கால் வகுத்திருக்கிறது. ஒரு மாதிரியை வைத்துப் பெரிய கூட்டத்தைக் கணிக்கும்போது அப்படி வகுப்பார்கள். இங்கே முழு வகுப்பும் கையில் இருப்பதால் ஐந்துதான் சரி. எக்செல்லில் `STDEV.S` போடாமல் `STDEV.P` போடுங்கள்.

பெரிய இடைவெளிக்குக் கனம் கொடுக்கிற இதே குணம் என்னை ஒருமுறை நன்றாக ஏமாற்றியது. நான் நடத்திய ஒரு தேர்வுக்கு ஒரு பையன் வரவில்லை. அவன் கட்டத்தில் அவசரத்தில் 0 போட்டுவிட்டேன். அந்தத் தவறை மேலே உள்ள அ பிரிவில் செய்து காட்டுகிறேன். 64 எடுக்க வேண்டியவன் வரவில்லை, 0 போட்டாயிற்று: 56, 58, 60, 62, 0. சராசரி 47.2-க்கு இறங்குகிறது, திட்ட விலக்கம் 2.83-இலிருந்து 23.7-க்கு எகிறுகிறது. விடையை மட்டும் பார்த்தால் ஆ பிரிவைப் போலச் சிதறிய வகுப்பு என்றே தோன்றும். உண்மையில் எழுதிய நான்கு பேரும் ஆறு மதிப்பெண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சராசரிக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஆ பிரிவில் மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர். இங்கே நான்கு பேர் மேலே, ஒருவன் மட்டும் கீழே அதலபாதாளத்தில். இப்படி வந்தால் அந்த ஒருவனின் விடைத்தாளைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் விலக்கத்தை நம்ப வேண்டும். இப்போதெல்லாம் வராதவர்களுக்கு நான் `AB` என்று போடுகிறேன். கட்டங்களில் எழுத்து இருந்தால் `AVERAGE`, `STDEV.P` இரண்டுமே அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.